மூன்று வருஷ அப்டேட் என்று நம்பி வாங்கிய போனில் எனக்குக் கிடைத்தது 27 மாதம்

2021 நவம்பரில், தீபாவளி கழிந்த வாரம், மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் 17,500 ரூபாய் கொடுத்து ஒரு போன் வாங்கினேன். எனக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம். ஷீட்டும் ஒட்டுபாலும் கொண்டுவருகிறவர்களுக்குப் பணம் போடுவது, மொத்தமாக வாங்குகிறவர்களிடமிருந்து பணம் வருவது, வங்கிக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்த ஒரே போனில்தான். அதனால் அப்டேட் எத்தனை வருஷம் என்று கேட்டுத்தான் வாங்கினேன். "ரெண்டு ஆண்ட்ராய்டு அப்டேட், மூணு வருஷம் செக்யூரிட்டி உண்டு" என்றார் கடைப் பையன். கம்பெனி தளத்திலும் அப்படியே போட்டிருந்தது. 2024 நவம்பர் வரை கவலை இல்லை என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கணக்கு தப்பு. கம்பெனிகள் இந்த மூன்று வருஷத்தை எண்ணத் தொடங்குவது நாம் பில் போடும் நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. என் போன் வெளியானது 2021 பிப்ரவரியில். நான் பெட்டியைப் பிரிக்கும்போதே ஒன்பது மாதம் கழிந்துவிட்டது. கெடு 2024 பிப்ரவரியோடு முடிந்தது. எனக்கு மிஞ்சியது 27 மாதம்.

இதை விலையோடு வைத்துப் பார்த்தபோதுதான் உண்மையில் உறைத்தது. வெளியான வாரமே அந்தப் போனை 20,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு 36 மாதப் பாதுகாப்பு. மாதத்துக்கு ஏறத்தாழ 556 ரூபாய். நான் 2,500 ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். 17,500 ரூபாயை 27 மாதத்தால் வகுத்தால் மாதம் 648 ரூபாய் வருகிறது. தள்ளுபடியில் வாங்கிய நான்தான் அதிகம் கொடுத்திருக்கிறேன். பண்டிகைக் காலத்தில் விலை இறங்குகிற போன்களில் பல, அடுத்த மாடல் வரப்போவதால் கழித்துக்கட்டுகிற போன்கள். விலை குறைகிற அதே நேரத்தில் மிச்சமிருக்கிற அப்டேட் காலமும் குறைந்துகொண்டே வருகிறது. விலை மட்டும்தான் அட்டையில் எழுதியிருக்கும்.

இன்னொன்று, மூன்று வருஷம் என்றால் மாதாமாதம் பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம், வரும் என்று பொருள் இல்லை. அப்போது கூகுள் ஒவ்வொரு மாதமும் ஆண்ட்ராய்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டுவந்தது. அதை எடுத்துத் தன் போனுக்கு ஏற்ப அனுப்புவது கம்பெனியின் வேலை. என் போனில் முதல் வருஷம் மாதம் ஒன்றோ இரண்டு மாதத்துக்கு ஒன்றோ வந்தது. இரண்டாம் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று. மூன்றாம் வருஷம் எப்போது வரும் என்றே தெரியாது. போனில் செட்டிங்ஸுக்குள் போய் போனைப் பற்றிய பகுதியைத் திறந்தால் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Android security patch level
2024-01-05
```

பார்க்க வேண்டியது இந்தத் தேதியை. அப்டேட் வந்து இறங்கிய நாள் வேறு, அதற்குள் இருக்கும் பேட்சின் தேதி வேறு. மேலே இருப்பது என் போனின் கடைசி பேட்ச். அது எனக்கு வந்தது 2024 மார்ச்சில். புத்தம்புது அப்டேட் போட்டுவிட்டோம் என்று நினைத்த அன்றே அது இரண்டு மாதம் பழையது. தேதியின் கடைசியில் 01 என்று இருந்தால் ஆண்ட்ராய்டின் பொதுவான பகுதிகளுக்கான திருத்தங்கள் மட்டும் சேர்ந்திருக்கின்றன. 05 என்று இருந்தால் ஆண்ட்ராய்டின் அடிமையமான கெர்னல், சிப் தயாரிப்பாளரின் பகுதிகள் ஆகியவற்றுக்கான திருத்தங்களும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள்.

இந்தத் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2023 டிசம்பரில் CVE-2023-45866 என்ற புளூடூத் ஓட்டை வெளியே தெரிந்தது. போனில் புளூடூத் ஆன் ஆகி இருந்தால், பக்கத்தில் இருக்கும் ஒருவர் தன் கருவியை ஒரு கீபோர்டு போலக் காட்டி, நாம் எதற்கும் சம்மதம் கொடுக்காமலே நம் போனோடு இணைந்து, அதில் தட்டச்சு செய்யலாம். நாம் எந்த லிங்க்கையும் தொட வேண்டாம், எதையும் டவுன்லோடு செய்யவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரைக்கும் அந்த டிசம்பர் பேட்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. என் போன் அப்போது அக்டோபர் பேட்சில் நின்றது. அடுத்தது மார்ச்சில்தான் வந்தது. கெடு முடியாத போனிலேயே மூன்று மாதம் அந்தக் கதவு திறந்து கிடந்தது. காதில் புளூடூத் இயர்போனை மாட்டிக்கொண்டு வடசேரி பேருந்து நிலையக் கூட்டத்தில் நின்றதெல்லாம் அந்த மாதங்களில்தான். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்திருந்தால் புளூடூத்தை அணைத்து வைத்திருப்பேன்.

கெடு முடிந்த பிறகும் அந்தப் போனை 20 மாதம் ஓட்டினேன். அப்டேட் நின்ற மறுநாளே போன் ஆபத்தாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள், அது சரியில்லை. குரோம் பிரவுசர், வாட்ஸ்ஆப், வங்கிச் செயலிகள் எல்லாம் பிளே ஸ்டோர் வழியாகப் புதிதாகிக்கொண்டே இருந்தன. ஆண்ட்ராய்டின் சில உட்பகுதிகளுக்குக் கூகுள் நேரடியாகவே, பிளே சிஸ்டம் அப்டேட் என்ற பெயரில், திருத்தம் அனுப்புகிறது. இணையத்திலிருந்து வரும் தொல்லைகளில் நல்ல பங்கு இவற்றாலேயே அடைபடும். அடைபடாமல் போவது கெர்னல், கிராபிக்ஸ் டிரைவர், வைஃபை, மோடம் போன்ற அடித்தளத்து ஓட்டைகள். அவற்றைக் கம்பெனி மட்டுமே அடைக்க முடியும்.

என்னை மாற்ற வைத்தது வேறு விஷயம். செயலிகள் நம் போனை நம்பலாமா என்று கூகுளிடம் கேட்க ஒரு வழி இருக்கிறது, பிளே இன்டெக்ரிட்டி என்று பெயர். அதில் படிகள் உண்டு. 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில், உயர்ந்த படி கிடைக்க வேண்டுமானால் கடந்த 12 மாதத்துக்குள் செக்யூரிட்டி பேட்ச் வந்திருக்க வேண்டும். எந்தப் படி வேண்டும் என்பதைச் செயலிக்காரர்கள் முடிவு செய்யலாம். என் போன் ஆண்ட்ராய்டு 13-ல் நின்றது, பேட்சோ 2024 ஜனவரி. அந்த ஜூன் மழையில், ஷீட் காயாமல் வியாபாரமே மந்தமாக இருந்த நேரத்தில், பணம் சம்பந்தமான ஒரு செயலி என் போனின் பாதுகாப்பு அப்டேட் பழையது என்று சொல்லித் திறக்க மறுத்தது. போன் நன்றாக ஓடுகிறது, பேட்டரி மாலை வரை நிற்கிறது, திரையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் எதற்காக வாங்கினேனோ அந்த வேலையில் ஒரு பகுதி நின்றுபோனது. அப்டேட் காலம் என்பது போனின் விலையில் ஒரு பகுதி என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

2025 நவம்பரில் அடுத்த போன் பார்க்கப் போனபோது கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டேன். நாகர்கோவிலில் எனக்குச் சொன்ன விலைகள்: சாம்சங் கேலக்ஸி ஏ55 26,000 ரூபாய், கேலக்ஸி ஏ36 28,500 ரூபாய். கூட வந்த மைனி உடனே, "விலை குறைஞ்சதும் இது, மேல் மாடலும் இது, பின்னே என்ன யோசனை?" என்று ஏ55-ஐக் காட்டினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஏ55-இன் சட்டம் உலோகம், சிப்பும் வேகமானது.

தாளில் எழுதினேன். ஏ55 வந்தது 2024 மார்ச். சாம்சங் அதற்குச் சொன்னது நான்கு ஆண்ட்ராய்டு அப்டேட், ஐந்து வருஷம் செக்யூரிட்டி. அதாவது 2029 மார்ச் வரை, இன்னும் 40 மாதம். 26,000 ரூபாயை 40-ஆல் வகுத்தால் மாதம் 650. ஏ36 வந்தது 2025 மார்ச். அதற்குச் சொன்னது ஆறு ஆண்ட்ராய்டு அப்டேட், ஆறு வருஷம் செக்யூரிட்டி. 2031 மார்ச் வரை 64 மாதம். 28,500 ரூபாயை 64-ஆல் வகுத்தால் மாதம் 445. மைனி தாளை வாங்கி மறுபடி ஒருமுறை தானே வகுத்துப் பார்த்தார். "மாசம் எரநூறு ரூபா வித்தியாசம் வருதே" என்றார். ஏ36-ஐ வாங்கினோம்.

இந்த வகுத்தல் எல்லா இடத்திலும் செல்லாது. இரண்டு வருஷத்தில் போனை மாற்றுகிறவருக்கு மிச்சமுள்ள 64 மாதத்தால் பெரிய லாபம் இல்லை. விற்கும்போது கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், அவ்வளவுதான். அவர் ஏ55-ஐ வாங்குவதே சரி. அதேபோல அப்போது 15,000 ரூபாய்ப் பக்கம் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கும் ஆறு வருஷம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதைக் குறைந்த ராமோடு வாங்கினால், ஐந்தாம் வருஷம் பேட்ச் வரும், செயலி திறக்கத்தான் நேரமெடுக்கும். ஆறு வருஷம் என்று நினைத்து வாங்குகிறவர் 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

பேட்டரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நான் மூன்றாம் நான்காம் வருஷத்தில் ஒரு பேட்டரி மாற்றுவதற்கு 2,500 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். 28,500-உடன் அதைச் சேர்த்தாலும் மாதம் 484 ரூபாய்தான். குளச்சலில் இருக்கும் என் அத்தானிடம் இதைச் சொன்னபோது, "எங்களுக்குச் சார்ஜிங் போர்ட்டையும் சேர்த்து எழுது" என்றார். கடற்காற்றில் உப்பு ஏறி இரண்டு வருஷத்தில் சார்ஜிங் பின் கறுத்துப் போகிறதாம். கடலோரத்தில் இருக்கிறவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் முடிவுத் தேதியைப் பார்த்துவிடுங்கள். கூகுள் தன் பிக்சல் போன்கள் ஒவ்வொன்றுக்கும் அப்டேட் முடியும் மாதத்தைத் தன் உதவிப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. 2022-இல் வந்த பிக்சல் 6ஏ-க்கு 2027 ஜூலை. சாம்சங் தன் செக்யூரிட்டி தளத்தில் எந்த மாடலுக்கு மாதாமாதம், எதற்குக் காலாண்டுக்கு ஒருமுறை, எதற்கு அரையாண்டுக்கு ஒருமுறை என்று பட்டியல் வைத்திருக்கிறது. சில கம்பெனிகள் வருஷ எண்ணிக்கையை மட்டும் சொல்லி, எப்போதிலிருந்து என்பதைச் சொல்வதில்லை. அங்கே மாடல் வெளியான மாதத்திலிருந்தே எண்ணிக்கொள்வேன்.

வீட்டில் அப்பாவின் போன் இன்னும் ஆண்ட்ராய்டு 10. அந்த புளூடூத் ஓட்டைக்கு 10-க்கும் அதற்குக் கீழும் திருத்தமே வரவில்லை. அதை வைத்து அவர் பேசுகிறார், செய்தி பார்க்கிறார், பேரப்பிள்ளைகளை வீடியோவில் பார்க்கிறார், அதெல்லாம் இருக்கட்டும். புளூடூத்தை அணைத்து, யு.பி.ஐ. செயலியையும் வங்கிச் செயலியையும் எடுத்துவிட்டேன். அவர் பென்ஷன் கணக்கு இப்போது என் புதுப் போனில் இருக்கிறது. அந்தப் போனின் பெட்டி மூடிக்குள் பென்சிலால் 2031 மார்ச் என்று எழுதி வைத்திருக்கிறேன்.