ஐபி மாறினால் மட்டும் போதாது: சேலத்தில் விபிஎன் போட்டுக் கொடுத்தவர் விட்டுச்சென்ற ஓட்டை

சேலத்தில் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் வந்து விபிஎன் செட் செய்து தருகிற ஒருவரிடம் என் அக்கா பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறார். அந்த ஆள் இன்னும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் விட்டுப்போன ஓட்டை உங்கள் லேப்டாப்பிலும் இருக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அடைப்பது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா வக்கீல். குடும்ப நீதிமன்ற வழக்குகள்தான் அதிகம். கட்சிக்காரர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், எந்த பேங்கில் கணக்கு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் வெளியே தெரியக்கூடாத விஷயங்கள். வாரக் கடைசியில் ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டேயில் உட்கார்ந்து மனு எழுதுவது அவருக்குப் பழக்கம். அடுத்தவர் வைஃபையில் வேலை செய்வதால்தான் விபிஎனே போட்டார். வந்தவர் விண்டோஸ் லேப்டாப்பில் வயர்கார்டு என்ற விபிஎன் ஆப்பை ஏற்றி, ஐபி காட்டும் ஒரு தளத்தைத் திறந்து, "பாருங்க மேடம், நெதர்லாந்து காட்டுது. இனிமே நீங்க என்ன பாக்குறீங்கன்னு யாருக்குமே தெரியாது" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை ஹோம்ஸ்டேயில் நெட் மெதுவாக இருந்தது. யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க ஓனர் போனில் ரவுட்டர் ஆப்பைத் திறந்திருக்கிறார். ஒவ்வொரு கருவிக்கும் கீழே அது கேட்ட தளப் பெயர்கள் வரிசையாக நின்றன. அக்காவின் லேப்டாப்புக்குக் கீழே `services.ecourts.gov.in`, ஒரு கருத்தரிப்பு மையம், ஒரு மேட்ரிமோனி தளம், இரண்டு பேங்க். ஓனர் நல்ல மனுஷர், வேறு எண்ணம் எதுவும் இல்லாமல்தான் காட்டினார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று இரவே எனக்குப் போன் செய்தார்.

விபிஎன் சரியாக ஓடினால் அந்த ரவுட்டருக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு சர்வரின் முகவரியும், புரியாத என்கிரிப்ட் ஆன டேட்டாவும்தான். தளப் பெயர்கள் தெரிகின்றன என்றால் டிஎன்எஸ் கேள்விகள், அதாவது "இந்தப் பெயருக்கு ஐபி என்ன" என்று லேப்டாப் கேட்பவை, டன்னல் எனப்படும் விபிஎனின் மறைவான வழிக்கு வெளியே போகின்றன என்று அர்த்தம். தளத்துக்குள் என்ன படித்தார் என்பது போகவில்லை, பெயர் மட்டும்தான் போனது. ஆனால் ஒரு குடும்ப வழக்கில் அந்தப் பெயர்களே போதும்.

லேப்டாப்பை வாங்கி கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். சாவிகளையும் சர்வர் முகவரியையும் விட்டுவிட்டுப் பார்த்தால் இருந்தது இவ்வளவுதான்:

```
[Interface]
Address = 10.66.0.7/32

[Peer]
AllowedIPs = 0.0.0.0/1, 128.0.0.0/1
```

`DNS` என்ற வரியே இல்லை. அதனால் வைஃபை கொடுக்கிற டிஎன்எஸ் முகவரியையே விண்டோஸ் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது ரவுட்டரேதான், `192.168.1.1` மாதிரி. இங்கேதான் விஷயமே இருக்கிறது. "எல்லா டிராஃபிக்கும் டன்னலில் போ" என்று விபிஎன் சொன்னாலும், அதே வைஃபைக்குள் இருக்கும் முகவரிக்கு நேர்வழி தனியாக இருக்கிறது. `192.168.1.0/24` என்ற அந்தக் குறுகிய வழி, பொதுவான வழியை முந்திவிடும். ஆகவே பெயர் கேட்கும் கேள்வி நேராக ரவுட்டருக்குப் போகிறது, ரவுட்டர் அதை நெட் கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. பதில் வந்த பிறகு தளத்தைத் திறக்கும் டிராஃபிக் மட்டும் டன்னலில் போகிறது. அதனால்தான் ஐபி தளம் நெதர்லாந்து என்று காட்டியது. அது பொய் இல்லை, பாதி உண்மை.

எந்த முகவரிகளுக்கான டிராஃபிக் டன்னலில் போக வேண்டும் என்று சொல்கிற `AllowedIPs` ஏன் இரண்டு பாதியாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் வயர்கார்டில் எல்லா முகவரிகளையும் ஒரே வரியில் குறிக்கும் `0.0.0.0/0` என்று போட்டால் டன்னலுக்கு வெளியே போகும் எல்லாவற்றையும் அதுவே தடுத்துவிடும். எடிட் செய்யும் இடத்தில் `Block untunneled traffic` என்று ஒரு டிக் இருக்கும். அந்த டிக்கை எடுத்தால்தான் அது இரண்டு `/1` ஆக மாறும். `DNS` வரி இல்லாமல் டிக் மட்டும் இருந்தால் ரவுட்டரிடம் பெயர் கேட்பதும் தடுக்கப்பட்டு, ஒரு தளமும் திறக்காது. இவர் `DNS` வரியைச் சேர்ப்பதற்குப் பதிலாக டிக்கை எடுத்து "சரி" செய்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தடுப்புத்தான் ஓட்டை இருப்பதைக் காட்டிக்கொடுத்தது, அவர் தடுப்பையே கழற்றிவிட்டார்.

அவருக்குப் போன் செய்தேன். "ஐபி மாறிடுச்சுல்லங்க, அப்புறம் என்னங்க பிரச்சனை? ஆன்டிவைரஸ்தான் ஏதாவது பண்ணும்" என்றார். கான்ஃபிக்கைப் படித்துக் காட்டியதும் வைத்துவிட்டார். பணமும் வரவில்லை.

நீங்கள் சோதிக்க வேண்டுமானால், முதலில் பிரவுசர் செட்டிங்கில் செக்யூர் டிஎன்எஸ்ஸை நிறுத்துங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் பிரவுசர் மட்டும் தனி வழியில் கேட்டுக்கொள்ளும். சோதனை சுத்தமாகத் தெரியும், லேப்டாப்பில் இருக்கும் மற்ற ஆப்கள் கசிந்துகொண்டே இருக்கும். பிறகு விபிஎனைப் போட்டு `dnsleaktest.com` போய் எக்ஸ்டெண்டட் டெஸ்ட் கொடுங்கள். இதுவரை யாருமே கேட்டிராத பெயர்களை அது உங்கள் பிரவுசரைக் கேட்க வைத்து, எந்த டிஎன்எஸ் சர்வர் வழியாக அந்தக் கேள்வி வந்து சேர்கிறது என்று பார்க்கும். அக்கா லேப்டாப்பில் மேலே நெதர்லாந்து ஐபி, கீழே பட்டியலில் நம்மூர் நெட் கம்பெனியின் சர்வர். இந்த முரண்தான் கசிவுக்கு அடையாளம். பட்டியலில் உங்கள் நெட் கம்பெனி பெயர் ஒரு தடவை வந்தாலும் கசிவுதான்.

`nslookup` மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அது விண்டோஸின் வழக்கமான வழியை விட்டுத் தானே ஒரு சர்வரைக் கேட்கும், பிரவுசர் போகும் பாதை வேறாக இருக்கலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், நெட் டிராஃபிக்கைப் பிடித்துக் காட்டும் Wireshark-ல் டன்னலை விட்டு வைஃபை அடாப்டரைத் தேர்ந்தெடுத்து, டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாகப் போகும் 53-ஆம் போர்ட்டை மட்டும் காட்டும் இந்த ஃபில்டரைப் போட்டு நாலைந்து புதுத் தளங்களைத் திறங்கள்:

```
udp.port == 53 or tcp.port == 53
```

அங்கே தளப் பெயர்கள் ஓடக்கூடாது. சர்வரின் முகவரி பெயராகக் கொடுக்கப்பட்டிருந்தால் கனெக்ட் ஆகும்போது அந்த ஒரு பெயர் மட்டும் தெரியும். டன்னல் உருவாவதற்கு முன்னால் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்பதால் அது தவறில்லை.

நான் மாற்றியது இரண்டே வரி:

```
[Interface]
DNS = 10.66.0.1

[Peer]
AllowedIPs = 0.0.0.0/0, ::/0
```

அந்த `DNS` முகவரியை உங்கள் விபிஎன் சேவைதான் தர வேண்டும், என்னுடையதைக் காப்பி செய்யாதீர்கள். `::/0` புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6-க்காக. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஐபிவி6 சகஜம். பழைய கான்ஃபிக்கில் அது இல்லாததால், அக்கா என் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தபோது பெயர்களோடு சேர்த்து ஐபிவி6 தளங்களுக்கான டிராஃபிக்கே டன்னலுக்கு வெளியே போனது. `DNS` வரியை மட்டும் சேர்த்து, டிக்கைப் போடாமல் விட்டுவிடவும் கூடாது. விண்டோஸுக்குச் சில சமயம் எல்லா அடாப்டரிலும் ஒரே நேரத்தில் பெயர் கேட்கும் பழக்கம் உள்ளது.

மாற்றிய பிறகு `ipconfig /flushdns` கொடுத்து மறுபடி சோதித்தோம். பட்டியலில் விபிஎன் சர்வர் மட்டும் வந்தது, வைஃபை அடாப்டரில் 53 அமைதியாக இருந்தது. இதற்கு ஒரு விலை உண்டு. அதே வைஃபையில் இருக்கும் கருவிகளையும் அந்தத் தடுப்பு மறித்துவிடுவதால், விபிஎன் ஓடும்போது வைஃபை பிரிண்டர் வேலை செய்யாது. அக்கா இப்போது யூஎஸ்பி கேபிள் போட்டுத்தான் பிரிண்ட் எடுக்கிறார்.

யாராவது உங்களுக்கு விபிஎன் போட்டுக் கொடுத்திருந்தால் வயர்கார்டில் எடிட் அழுத்தி `DNS` வரி இருக்கிறதா, அந்த டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இனிமேல் போடப் போகிறீர்கள் என்றால் கசிவு சோதனையை உங்கள் கண்முன்னால், வீட்டு வைஃபையில் ஒரு தடவையும் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு தடவையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பணம் அதற்கப்புறம்.