மதுரையில் வழி கேட்டால்: வரைபடப் போட்டோவா, கையால் போட்ட கோட்டுப்படமா?

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி காட்டும் ஒரு கோட்டுப்படம் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து, படம் படிக்கும் ஏஐ செயலியிடம் கொடுத்து, "இதை வழியாக எழுதிக் கொடு" என்று கேட்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. வெளியூர் உறவினர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்ப அது வசதி. சிலர் கோட்டுப்படத்தை விட்டுவிட்டு, அச்சிட்ட நகர வரைபடத்தையே போட்டோ எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டில் எது தேறும் என்பதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. இரண்டுமே தவறும், ஆனால் தவறும் இடம் வேறு. வரைபடத்தில் திசை சரியாக வந்து இடமும் வலமும் மாறிப்போகும். கோட்டுப்படத்தில் இடமும் வலமும் சரியாக வந்து திசை மாறிப்போகும். இது தெரிந்தால் எந்த வரியைச் சந்தேகப்பட வேண்டும் என்பதும் தெரியும்.

ஒரே வழியை இரண்டு விதத்திலும் கொடுத்துப் பார்ப்போம். மதுரை ரயில் நிலையத்திலிருந்து விளக்குத்தூணுக்கு நடந்து போகிறோம். நிலையத்தை விட்டு வெளியே வந்து மேல வெளி வீதியைக் கடந்தால் டவுன் ஹால் ரோடு. அதில் கிழக்கே நடந்தால் மேல மாரட் வீதி, மேல பெருமாள் மேஸ்திரி வீதி இரண்டையும் தாண்டி மேல மாசி வீதி வரும். அங்கே வலப்பக்கம், அதாவது தெற்கே திரும்ப வேண்டும். மூலையில் தெற்கு மாசி வீதி. அதில் இடப்பக்கம் திரும்பிக் கிழக்கே போனால், தெற்கு மாசி வீதியும் கீழ மாசி வீதியும் சேரும் முனையில் விளக்குத்தூண். மொத்தம் இரண்டே திருப்பம்.

அச்சு வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கும். அதனால் நம் வழி தாளில் வலப்புறம் ஓடி, கீழே இறங்கி, மறுபடி வலப்புறம் ஓடும். முதல் திருப்பத்தில் செயலி தடுமாறாது. இரண்டாவதில்தான் சிக்கல். தெற்கு நோக்கி நடப்பவருக்குக் கிழக்கு இடக்கைப் பக்கம், ஆனால் தாளில் அந்தக் கோடு வலப்புறமாகப் போகிறது. செயலி தாளைப் பார்க்கிறதே தவிர, நடப்பவரின் முகம் எந்தப் பக்கம் என்பதை அடிக்கொரு தரம் மனதில் வைத்துக்கொள்வதில்லை. எனவே "தெற்கு மாசி வீதியில் வலது பக்கம் திரும்பவும்" என்று எழுதிவிடலாம். அதை நம்பிப் போகிறவர் மேற்கே, வெளி வீதிப் பக்கமே திரும்பி நடப்பார். தாளில் கீழ்நோக்கி இறங்கும் வழியில் வரும் எந்தத் திருப்பத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

இனி கோட்டுப்படம். வழி வரைகிறவர் புறப்படும் இடத்தைத் தாளின் அடியில் வைத்து, போகிற ரோட்டை மேல்நோக்கி இழுப்பதுதான் வழக்கம். ரயில் நிலையம் அடியில், டவுன் ஹால் ரோடு மேல்நோக்கி, மேல மாசி வீதியில் வலப்புறம், பிறகு தெற்கு மாசி வீதியில் மறுபடி மேல்நோக்கி. தாளைப் பிடித்தபடி நடக்கிறவருக்கு வசதியான படம் இது. இதில் செயலி "வலது, பிறகு இடது" என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆனால் திசையைக் கேட்டால் "வடக்கே போய், கிழக்கே திரும்பி, மீண்டும் வடக்கே" என்று சொல்லக்கூடும். தாளின் மேல்பக்கம் வடக்கு என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். உண்மையில் அது கிழக்கு, தெற்கு, கிழக்கு. மூன்றுமே கால் சுற்று நகர்ந்து நிற்கின்றன.

இதோடு மதுரைக்கே உரிய ஒரு முடிச்சும் சேர்கிறது. நம் தெருப் பெயர்களில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக விரியும் வீதிகள் எல்லாவற்றுக்கும் இந்த முன்னொட்டு உண்டு. செயலிக்கோ மேல என்ற சொல்லைப் பார்த்தால் தாளின் மேல்பகுதி நினைவுக்கு வரலாம். மேலே சொன்ன கோட்டுப்படத்தில் கிழக்கு தாளின் உச்சியில் இருப்பதால், கீழ மாசி வீதி தாளின் மேற்பகுதியிலும் மேல மாசி வீதி அதற்குக் கீழேயும் நிற்கும். மதுரைக்காரருக்கு இதில் குழப்பமே வராது. செயலி மட்டும் சில சமயம் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி எழுதும். சில சமயம் "மேல் தெரு", "கீழ்த் தெரு" என்று பொருள் கொள்ளும். இதைத் தடுக்க ஒரு வரி போதும்: "மேல என்பது மேற்கு, கீழ என்பது கிழக்கு. இந்தத் தாளின் உச்சி கிழக்கு." கோட்டுப்படத்தின் ஓரத்திலேயே வடக்கு நோக்கி ஒரு அம்பு போட்டு "வ" என்று எழுதினால் மனிதருக்கும் உதவும். ஆனால் அம்பு ஒன்றை மட்டும் நம்பி விட்டுவிட வேண்டாம். அதைச் செயலி பார்த்தும் கணக்கில் எடுக்காமல் போவதுண்டு. எழுத்தில் சொல்வதே உறுதி.

எழுத்தைப் படிக்கும் விஷயத்தில் அச்சு வரைபடம் ஜெயிக்க வேண்டும். ஆனால் போட்டோ எடுக்கும் முறையால் அது தோற்கிறது. படம் உள்ளே போகும்போது பல செயலிகள் அதைச் சுருக்கிவிடுகின்றன. நீளப் பக்கம் 1500 பிக்சல் அளவுக்கு வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் அகலத் தாளை 4000 பிக்சல் அகலப் போட்டோவாக எடுத்தால், 2 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு 20 பிக்சல் கிடைக்கும். சுருங்கிய பின் அது ஏழு, எட்டு பிக்சல்தான். ஆங்கில எழுத்து அதில் தட்டுத்தடுமாறித் தேறலாம். தமிழுக்குப் போதாது. மாரட் என்பதில் புள்ளி மறையும். வெளி என்பதில் கொம்பு கரைந்து வளி ஆகும். மேல என்பதன் இரட்டைக் கொம்புக்கும் மெல என்பதன் ஒற்றைக் கொம்புக்கும் இருக்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழிதான், அதுவும் போய்விடும்.

வழி போகும் 10 சென்டிமீட்டர் பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தால், அதே எழுத்து சுருங்கிய பிறகும் 30 பிக்சல் இருக்கும். அதனால் முழுத் தாளையும் எடுத்து "பெரிதாக்கிப் பார்" என்று சொல்வதில் பயனில்லை, சுருங்கியபோது போன விவரம் திரும்பி வராது. வாட்ஸப்பில் படமாக வந்த வரைபடம் வழியிலேயே ஒரு முறை சுருங்கியிருக்கும் என்பதால், அனுப்புகிறவரை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். லேமினேட் செய்த தாளில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்த இடத்தில் பெயர் இருக்காது. அங்கே செயலி "தெரியவில்லை" என்று சொல்லாமல் ஏதோ ஒரு பெயரை நிரப்பும். மடிப்புக் கோட்டைத் தெரு என்று எண்ணுவதும் நடக்கும்.

கோட்டைப் பின்தொடர்வது இன்னும் கடினம். டவுன் ஹால் ரோட்டை மாரட், பெருமாள் மேஸ்திரி, மாசி என மூன்று வீதிகள் கிட்டத்தட்ட இணையாக வெட்டுகின்றன. அச்சு வரைபடத்தில் பெயர் ஒரு இடத்தில் இருக்கும், கோடு இன்னொரு இடம் வரை ஓடும். இந்தப் பெயர் எந்தக் கோட்டுக்கு என்று முடிவு செய்வதிலும், எத்தனையாவது வெட்டில் திரும்புவது என்று எண்ணுவதிலும் செயலி ஒன்று கூட்டியோ குறைத்தோ சொல்லும். இங்கே கோட்டுப்படம்தான் தெளிவாக முன்னே நிற்கிறது. அதில் தேவையான நான்கைந்து கோடுகள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு முனைக்கும் 1, 2, 3 என்று வட்டத்துக்குள் எண் போட்டால் தடுமாற்றம் பெருமளவு குறையும். கோட்டைத் தொடர்வது என்ற வேலை, எண்களை வரிசையாகப் படிப்பது என்ற எளிய வேலையாகிவிடுகிறது.

கோட்டுப்படத்தின் பெரிய ஓட்டை தூரம். இரண்டு கிலோமீட்டர் பஸ் வழியை ஒரு சென்டிமீட்டரில் முடித்து, மண்டபத்துக்குப் போகும் கடைசிச் சிறு தெருவை ஐந்து சென்டிமீட்டருக்கு வரைவார்கள். செயலியிடம் தூரம் கேட்டால் கோட்டின் நீளத்தை வைத்து ஒரு கணக்கைக் கொடுக்கும், அது சுத்தமாகப் பொய். தூரம் வேண்டுமென்றால் கோட்டின் பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதாத தூரத்தைச் சொல்லக் கூடாது என்றும் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான, கண்டுபிடிக்கச் சிரமமான தவறு ஒன்று உண்டு. மதுரை தெரிந்த ஊர். மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால், மாசி வீதிகள் எல்லாம் செயலி ஏற்கெனவே படித்த எழுத்துகளில் நிறைய வருகின்றன. அதனால் தாளில் இல்லாத மகாலை வழியில் சேர்த்துவிடும். அல்லது வரைந்தவர் வேண்டுமென்றே சுற்றுவழி காட்டியிருக்க, செயலி தனக்குத் தெரிந்த நேர்வழியை எழுதும். வாசிக்கச் சரளமாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: கோட்டுப்படத்தின் நகலில் ஒரு தெருப் பெயரை அழித்துவிட்டு, ஊரில் இல்லாத ஒரு பெயரை எழுதிக் கொடுங்கள். பதிலில் அந்தப் புதுப் பெயர் வந்தால் தாளைப் படிக்கிறது. பழைய பெயரே வந்தால் நினைவிலிருந்து எழுதுகிறது.

கேட்கும் விதத்திலும் ஒரு ஒழுங்கு வேண்டும். "வழி சொல்" என்று ஒரேயடியாகக் கேட்காதீர்கள். முதலில் தாளில் தெரியும் எல்லாப் பெயர்களையும் எழுதச் சொல்லி, விடுபட்டதையும் தப்பானதையும் நீங்களே திருத்துங்கள். அடுத்து எந்த எண்ணுக்குப் பின் எந்த எண், நடுவில் எந்தத் தெரு என்று கேளுங்கள். கடைசியாக ஒவ்வொரு திருப்பத்துக்கும் இப்படிக் கேளுங்கள்: "திரும்பும் முன் முகம் எந்தத் திசை, திரும்பிய பின் எந்தத் திசை?" நம் வழிக்கு வர வேண்டிய பதில், மேல மாசி முனையில் "கிழக்கு, பின் தெற்கு", தெற்கு மாசி முனையில் "தெற்கு, பின் கிழக்கு". இடம், வலம் இரண்டையும் அதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம். தெற்கு பார்த்து நின்றால் இடக்கை கிழக்கு.

முடிவில் ஒரு சரிபார்ப்பு. அதே போட்டோவைக் கால் சுற்றுத் திருப்பி, தாளின் உச்சி இப்போது எந்தத் திசை என்பதையும் மாற்றிச் சொல்லி, புதிய உரையாடலில் மறுபடி கேளுங்கள். இடமும் வலமும் இரண்டு முறையும் ஒன்றாக வந்தால் நம்பகம் கூடுகிறது. ஏதாவது ஒரு திருப்பம் மாறி வந்தால் அந்த முனையை மட்டும் கையால் எழுதுங்கள்.

எந்தப் படத்திலும் இல்லாததைச் செயலியால் சரியாகச் சொல்ல முடியாது. ஒருவழிப் பாதை, தோண்டிப் போட்ட ரோடு, இவை பெரும்பாலும் போட்டோவில் வராது. சித்திரைத் திருவிழாவில் தேரோடும் நாளன்று மாசி வீதிகள் நான்கிலும் தேர்தான் போகும். அன்று முகூர்த்தமும் இருந்தால், பத்திரிகைக் கோட்டுப்படத்தை எவ்வளவு சரியாகப் படித்தாலும் ரயில் நிலையத்திலிருந்து விளக்குத்தூணுக்கு வேறு வழிதான் எழுத வேண்டும்.