படமா, போத்தலா: கறள் பிடிக்காத ஸ்குரூவை விற்கும் இரண்டு வழிகள்

ஆமர் வீதிப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு விளம்பரப் பலகையும் கவுண்டர் காட்சியும் செய்து கொடுத்தேன். அவருடைய சிக்கல் இதுதான். ஒரே அளவு ஸ்குரூ மூன்று விதமாக இருக்கிறது. ஒன்று பளபளவென்று நாகப் பூச்சு போட்டது. இன்னொன்று உருகிய நாகத்தில் முக்கி எடுத்த கல்வனைஸ். மூன்றாவது ஸ்டெயின்லெஸ். வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் கடலைப் பார்த்த வீடுகளுக்கு வாங்குகிறவர்களும் முதலாவதையே கேட்கிறார்கள். விலை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது மினுங்குகிறது. கல்வனைஸ் மங்கலாக, சொரசொரப்பாக, பழைய சாமான் மாதிரி இருக்கும்.

உண்மை நேர்மாறானது. மினுங்கும் ஸ்குரூவில் நாகம் பெரும்பாலும் 5 முதல் 8 மைக்ரோன் கனம்தான். முக்கி எடுத்ததில் 40க்கு மேல் இருக்கும். ஒரு தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரோன் என்று வைத்துக்கொண்டால், ஒன்றில் மயிரின் பத்தில் ஒரு பங்கு, மற்றதில் பாதிக்கு மேல். இதை வாயால் சொன்னால் யாரும் நின்று கேட்கப் போவதில்லை. அதனால் இரண்டு வழிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்: உவமையாக ஒரு படம், அல்லது கண் முன்னால் ஒரு செய்முறை.

முதலில் படம். நாங்கள் வரைந்த முதல் யோசனை கவசம் போட்ட போர்வீரன். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் பிழையான உவமை. கவசத்தில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பவனுக்கு ஆபத்து. நாகம் அப்படி வேலை செய்வதில்லை. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கும் நாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். தம்பிக்கு விழ வேண்டிய அடியைக் குறுக்கே நின்று வாங்கும் அண்ணன் மாதிரி. அண்ணன் இருக்கும்வரை தம்பிக்கு ஒன்றும் ஆகாது. அண்ணன் கரைந்து முடிந்தால் தம்பி தனி. மினுங்கும் ஸ்குரூவில் இருப்பது மெலிந்த அண்ணன், கல்வனைஸில் இருப்பது மல்லன். இந்த உவமையை வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் அடுத்து கேட்கும் கேள்விக்கும் அதற்குள்ளேயே பதில் இருக்கிறது. கவசத்தை வைத்துக்கொண்டால், "அப்ப கீறல் விழுந்தா போச்சா?" என்று கேட்பார், நாம் விழிப்போம்.

ஸ்டெயின்லெஸுக்கு அண்ணன் பொருந்தாது. அங்கே குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆடையை மேலே கட்டுகிறது. கீறினால் திரும்பவும் கட்டும். பாலாடையை எடுத்துவிட்டால் சூடான பாலில் மறுபடி ஆடை படிவதைப் போல. இது நம் வீட்டு அடுப்படியில் எல்லாரும் கண்டது என்பதால் விளக்கமே தேவைப்படவில்லை.

படத்தின் பலம் தெருவில்தான். கடைசியில் கடைக்கு வெளியே நாங்கள் போட்டது வரைந்த படமே இல்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் வெள்ளைச் சுவரை எடுத்த போட்டோ. பல்கனி கம்பியின் ஸ்குரூத் தலையிலிருந்து கறள் நீர் வடிந்து, கண்ணீர்க் கோடு போல இறங்கியிருக்கும். கீழே "உங்கள் சுவரும் அழுகிறதா?" என்று மட்டும் எழுதினோம். ஓடும் முச்சக்கர வண்டியிலிருந்து பார்ப்பவருக்கும் புரியும். ஆனால் அந்தப் படம் நோயைத்தான் சொல்கிறது. எந்த ஸ்குரூவை வாங்குவது என்று சொல்லவில்லை. வேலை செய்கிற பாஸ்மார் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து பழையபடி மினுங்குவதைக் கேட்டார்கள்.

அடுத்து போத்தல். ஒரு லீட்டர் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு, அதாவது மட்டமாக இரண்டு மேசைக் கரண்டி. கடல் நீரின் உப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஜேம் போத்தல்களில் ஊற்றி, நைலோன் நூலில் ஸ்குரூவைக் கட்டி, பாதி நனையும்படி தொங்கவிட வேண்டும். நனைந்தும் காய்ந்தும் இருக்கும் அந்த எல்லையில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

முதல் முறை நான் எல்லா ஸ்குரூவையும் ஒரே போத்தலில் போட்டுவிட்டேன். பூச்சில்லாத இரும்பு அடுத்த நாளே கறள் பிடித்து, அந்தச் செம்மண் நிறத் தண்ணீர் எல்லாவற்றிலும் படிந்துவிட்டது. "தம்பி, இதைப் பாத்தா எல்லாமே பழுது எண்டுதானே சனம் நினைக்கும்" என்றார் முதலாளி. சரியாகத்தான் சொன்னார். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனிப் போத்தல், மூடியில் போட்ட திகதி. உலோகங்கள் ஒன்றையொன்று தொடவும் கூடாது. தொட்டால் ஒன்றின் நாகம் மற்றதைக் காக்கப் போய்ச் சீக்கிரம் கரைந்து, காட்சியே பொய்யாகிவிடும்.

இரண்டாவது பிரச்சினை வெள்ளைத் தூள். நாகம் கரையத் தொடங்கும்போது வெள்ளையாகப் பூக்கும். பார்ப்பவர்கள் அதைப் பழுது என்று நினைப்பார்கள். இந்த இடத்தில்தான் அண்ணன் உதவிக்கு வந்தார். போத்தலில் ஒட்டிய சிட்டையில் "வெள்ளை: அண்ணன் அடி வாங்குகிறார். சிவப்பு: தம்பிக்கு விழுந்துவிட்டது" என்று எழுதினோம். கல்வனைஸ் ஸ்குரூ ஒன்றில் அரத்தால் மெல்லிய கோடு போட்டு இன்னொரு போத்தலில் தொங்கவிட்டோம். பூச்சில்லாத ஸ்குரூ முழுக்கச் சிவந்த பிறகும் அந்தக் கோடு சிவக்கவில்லை. பாஸ்மார் குனிந்து பார்த்தது அந்தப் போத்தலைத்தான்.

கடையில் முன்பிருந்த செய்முறை காந்தம். ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ் என்று காட்டுவார்கள். ஒரு நொடியில் முடியும் என்பதால் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் அதை எடுத்துவிடச் சொன்னேன். ஸ்டெயின்லெஸிலேயே 304 என்ற வகையும்கூட ஸ்குரூவாக அழுத்தி வடிக்கப்பட்ட பிறகு கொஞ்சம் ஒட்டும். நல்ல சாமானைப் போலி என்று சொல்லிவிடுவோம். தகட்டைத் தானே துளைத்துப் போகும் 410 வகை ஸ்குரூ நன்றாகவே ஒட்டும். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் உப்புக் காற்றில் 304 அளவுக்குத் தாங்காது. எது தாங்கும் என்பதைக் காந்தம் சொல்லவே சொல்லாது.

போத்தலுக்கும் எல்லை உண்டு. பத்து நாள் போத்தலில் இருந்ததை வைத்து இத்தனை வருடம் கூரையில் இருக்கும் என்று சொல்லக்கூடாது. ஆய்வுகூடத்தில் 35 பாகையில், 5 சதவீத உப்பு நீரைப் புகையாக விட்டுச் சோதிக்கும் முறையிலும் மணித்தியாலங்களை வருடங்களாக மாற்ற முடியாது. எது முந்திப் பழுதாகும் என்ற வரிசையை மட்டும் காட்டலாம். கடலுக்கு நேர் முன்னால் 304 கூடத் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பு பிடிக்கும். அங்கே மொலிப்டினம் சேர்ந்த 316 தான் நல்லது. இதைச் சில வாரப் போத்தல் காட்டாது, கவுண்டரில் நிற்பவர் வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் போத்தலையே எடுப்பேன். படம் ஆளை உள்ளே கூப்பிடும். கையில் எடுத்த மினுங்கும் ஸ்குரூவைத் திரும்ப வைக்கச் செய்வது போத்தல். இன்னொரு காரணமும் உண்டு. போத்தலை முதலில் வைத்திருந்தால் அந்தப் போர்வீரனை வரைந்தே இருக்க மாட்டோம். இப்போது பைப்புக்குக் காட்சி கேட்கும் கடைகளிடமும் முதலில் ஒரு துண்டு பைப்பும் நிறுத்தி வைக்க ஓர் இடமும்தான் கேட்கிறேன், படத்தைப் பிறகு பார்ப்போம் என்று.

அந்தக் கடையில் மாதத்துக்கு ஒருமுறை போத்தல்களைப் புதிதாக மாற்றுகிறார்கள். அரத்தால் கோடு போட்டதை மட்டும் முதலாளி மாற்ற விடவில்லை. மூடியில் முதல் திகதி அப்படியே இருக்கிறது, கோடு எப்போது சிவக்கும் என்று பார்க்க.