பாடமாக்கிய விடையா, ஓட்டிப் பார்த்த விடையா? ஓஎஸ் கேள்விகளுக்கு இரண்டு வழிகள்

கெம்பஸ் மூன்றாம் ஆண்டில் இன்டர்ன்ஷிப் தேடியபோது ஒப்பரேட்டிங் சிஸ்டம் கேள்விகளுக்கு இரண்டு விதமாகத் தயாரானேன். முதல் நேர்முகத்தேர்வுக்கு, சீனியர்களிடமிருந்து கைமாறி வந்த வினாவிடைத் தொகுப்பை வெள்ளவத்தையில் போட்டோகொப்பி எடுத்துப் பாடமாக்கினேன். அடுத்ததற்கு, லெப்டொப்பில் லினக்ஸ் போட்டு, சின்னச் சின்ன சி புரோகிராம்களை எழுதி ஓட்டிப் பார்த்தேன். இன்று ஒரு தம்பியோ தங்கையோ கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

தொகுப்பை ஒதுக்கச் சொல்லவில்லை. டெட்லொக்கின் நான்கு நிபந்தனைகள், பேஜிங்குக்கும் செக்மென்டேஷனுக்கும் உள்ள வேறுபாடு போன்றவற்றை ஒரே மாலையில் பாடமாக்கிவிடலாம். எழுத்துத் தேர்வுக்கு அது போதும். நேரில் உட்காரும்போது விஷயம் வேறு. அங்கே முடிவைத் தீர்மானிப்பது முதல் கேள்வி அல்ல, அதற்குப் பின்னால் வரும் கேள்வி.

எனக்கு நடந்தது இதுதான். புரொசஸுக்கும் திரெட்டுக்கும் என்ன வேறுபாடு என்றார்கள். ஒவ்வொரு புரொசஸுக்கும் தனி நினைவக வெளி உண்டு. ஒரே புரொசஸின் திரெட்கள் ஹீப்பையும் குளோபல் மாறிகளையும் பகிர்ந்துகொள்ளும், ஸ்டாக்கும் ரெஜிஸ்டர்களும் மட்டும் தனித்தனி என்றேன். சரியான விடை. உடனே ஒரு தாளில் இதை எழுதி நீட்டினார்கள்:

```c
int c = 0;
void *work(void *p) {
    for (int i = 0; i < 1000000; i++) c++;
    return NULL;
}
```

இரண்டு திரெட்கள் இதை ஒரே நேரத்தில் ஓட்டினால் கடைசியில் c எவ்வளவு? இருபது லட்சம் என்றேன். ரேஸ் கண்டிஷனின் வரைவிலக்கணம் எனக்கு வரிக்கு வரி பாடம். ஆனால் அதுவே கண்முன் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து `pthread_create`, `pthread_join` சேர்த்து ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தது, பெரும்பாலும் இருபது லட்சத்துக்குக் குறைவாக. `gcc -O0 -S race.c` கொடுத்து அசெம்பிளியைப் பார்த்தால் காரணம் தெரியும். c++ அங்கே மூன்று படிகள்: நினைவகத்திலிருந்து எடுப்பது, ஒன்றைக் கூட்டுவது, திரும்ப எழுதுவது. c இப்போது 41 என்று வையுங்கள். முதல் திரெட் 41ஐ எடுக்கிறது. அது எழுதுவதற்குள் மற்றதும் 41ஐ எடுக்கிறது. இரண்டும் 42 என்று எழுதுகின்றன. இரண்டு கூட்டலில் ஒன்று காணாமல் போய்விட்டது.

"ஒரே ஒரு கோர் இருந்தால்?" என்பது அடுத்து வரக்கூடிய கேள்வி. அப்போதும் பிழை வரும். எடுத்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் கொன்டெக்ஸ்ட் சுவிட்ச் நடந்தால், மற்ற திரெட் ஆயிரக்கணக்கில் கூட்டியிருக்கும். முதல் திரெட் திரும்பி வந்து தன் பழைய எண்ணை எழுதி அத்தனையையும் அழித்துவிடும். `taskset -c 0 ./a.out` என்று ஓட்டிப் பாருங்கள். பத்து லட்சம் சுற்று மிகச் சீக்கிரம் முடிவதால் சரியான விடையே வரலாம். சுற்றை நூறு மடங்காக்கினால் பிழை வெளியே வரும்.

ஒரு பொறியும் உண்டு. `-O2` கொடுத்தால் கம்பைலர் முழுச் சுற்றையும் ஒரே கூட்டலாகச் சுருக்கிவிடலாம். அப்போது அநேகமாக இருபது லட்சம்தான் வரும், பிழையே இல்லை என்று தோன்றும். ரேஸ் அப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே `-O0` கொடுத்தே சோதியுங்கள்.

இதற்கான தீர்வு, c++ஐச் சுற்றி மியூடெக்ஸ் போடுவது. அடுத்து, மியூடெக்ஸுக்கும் பைனரி செமஃபோருக்கும் என்ன வேறுபாடு என்பார்கள். மியூடெக்ஸுக்கு உரிமையாளர் உண்டு, பூட்டிய திரெட்தான் திறக்க வேண்டும். செமஃபோரில் ஒரு திரெட் `sem_wait`இல் காத்திருக்க, வேறொன்று `sem_post` கொடுக்கலாம். அதனால் மியூடெக்ஸ் பாதுகாப்புக்கு, செமஃபோர் 'வேலை முடிந்தது, வா' என்று அறிவிப்பதற்கு. இந்த விடையில் கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள்.

தமிழ் மூலம் படித்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கொழும்பில் நான் போன இரண்டு நேர்முகத்தேர்வுகளும் ஆங்கிலத்தில்தான் நடந்தன. பாடமாக்கிய வசனம் நடுவில் அறுந்தால் மறுபடி பிடிக்க முடியாது. 41, 42 கதையை உடைந்த ஆங்கிலத்திலும் தாளில் வரைந்து சொல்லிவிடலாம். இரண்டாவது தடவை அப்படித்தான் சொன்னேன், இடமும் கிடைத்தது.

இரண்டுமே சொஃப்ட்வெயார் கம்பனிகள். வங்கி ஐடி பிரிவு, நெட்வொர்க் வேலைகளுக்கு நான் போனதில்லை. அங்கே தொகுப்பே போதுமாக இருக்கலாம். நேரமும் கணக்கில் வரும்: ஓட்டிப் பார்க்க எனக்கு இரண்டு வார இறுதிகள் போயின. நாளைக்கே நேர்முகத்தேர்வு என்றால் தொகுப்பை எடுங்கள், ஆனால் இந்த ஒரு புரோகிராமை மட்டும் இன்றிரவே ஓட்டிவிடுங்கள்.