பொடிமாஸா, ஆவி முட்டையா, முட்டைக் கஞ்சியா? மெல்ல முடியாத பெரியவர்களுக்கு எது பொருந்தும்

ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. பல் போனவர்களுக்கும் பசி குறைந்தவர்களுக்கும் முட்டை கொடுக்கச் சொல்வதற்கு அதுதான் காரணம். ஆனால் முட்டையை எப்படிச் சமைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது வழுக்கிக்கொண்டு இறங்கும், அல்லது வாயிலேயே உருண்டு நிற்கும். முட்டைக்குள் இருக்கும் நீர் உள்ளேயே தங்குகிறதா, பிரிந்து வெளியே வந்துவிடுகிறதா என்பதில்தான் வித்தியாசம். சூடு அதிகமானால் முட்டையின் புரதம் இறுகி, தன்னிடம் இருக்கும் நீரைப் பிழிந்து தள்ளிவிடும். மிஞ்சுவது ரப்பர் போன்ற துணுக்கும் கொஞ்சம் தண்ணீரும்.

இதனால்தான் வீடுகளில் "மெத்தென்று இருக்கும்" என்று முதலில் கொடுக்கப்படும் பொடிமாஸ் உண்மையில் மோசமான தேர்வு. உதிரி உதிரியாக வருவதுதான் பொடிமாஸின் அழகு. எச்சில் குறைவாக ஊறும் வாயில் அந்த உதிரிகள் ஒன்றாகத் திரளாமல் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையிலும் பல்செட்டுக்கு அடியிலும் போய் உட்காரும். வெங்காயம், கடுகு, கறிவேப்பிலை சேர்ந்தால் இன்னும் சிக்கல். அவித்த முட்டையும் இதே வகைதான். வெள்ளைக்கரு வழுக்கும், மஞ்சள்கரு மாவாகி அண்ணத்தில் ஒட்டும்.

பொடிமாஸ் சுவைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. அரை தேக்கரண்டி சோளமாவை 2 மேசைக்கரண்டி பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஒரு முட்டையோடு அடித்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி நெய்யில், மிகச் சிறு தீயில், அடியிலிருந்து வழித்து வழித்துக் கிளறுங்கள். சோளமாவு முட்டைப் புரதம் ஒன்றோடொன்று இறுகிக்கொள்வதைத் தடுக்கும்; அதனால் முழுதாக வெந்த பிறகும் ஈரம் பிரியாது. நீர்த்த முட்டை எங்கும் தெரியாமல், மேலே மட்டும் பளபளப்பு இருக்கும்போது இறக்கி, உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூடே முட்டையை உலர்த்திவிடும். நாக்கால் அண்ணத்தில் அழுத்தி நசுக்கத் தெரிந்தவர்களுக்கு இது போதும். அதற்கும் முடியாதவர்களுக்கு வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆவியில் வேகவைத்த முட்டைதான். ஒரு முட்டைக்கு 100 மில்லி வெதுவெதுப்பான பால், ஒரு சிட்டிகை உப்பு. நுரை எழாதபடி முட்டையை மெதுவாகக் கலக்கி, பால் சேர்த்து, தேநீர் வடிகட்டியில் கட்டாயம் வடிகட்டுங்கள். வெள்ளைக்கருவில் உள்ள கெட்டி நூல் வடிகட்டாமல் விட்டால் வேகும்போது தனிக் கட்டியாக நிற்கும். தொண்டையில் உறுத்துவது அதுதான். சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு தட்டால் மூடி, இட்லிப் பானையில் வையுங்கள். தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, பானை மூடியின் ஓரத்தில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி ஆவி வெளியேற வழி விடுங்கள். 12 முதல் 15 நிமிடம் ஆகும். கிண்ணத்தை லேசாக அசைத்தால் நடுப்பகுதி உறைந்த தயிரைப் போல அதிர வேண்டும். கரண்டி முனையை உள்ளே விட்டால் பால் கசியக் கூடாது.

கெட்டுப்போனால் பார்த்தவுடன் தெரியும். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டைகள், சுற்றிலும் மஞ்சள் தண்ணீர் என்றால் தீ அதிகம். மேற்பரப்பு மட்டும் பள்ளம் பள்ளமாக இருந்தால் மூடியிலிருந்து நீர் சொட்டியிருக்கிறது. ஓட்டை விழுந்ததை அப்படியே கொடுக்காதீர்கள். திடமும் தண்ணீரும் ஒரே வாயில் சேரும்போது, விழுங்கத் தடுமாறுபவர்களுக்குத் தண்ணீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்ப் பக்கம் போக வாய்ப்பு உண்டு. கொஞ்சம் கெட்டித் தயிர் சேர்த்து மிக்ஸியில் அடித்து, வழுவழுவென்று ஒன்றாகிவிட்டால் கொடுக்கலாம்.

இந்தக் கிண்ணத்தில் முட்டையின் 6 கிராமும் பாலின் 3 கிராமும் சேர்ந்து 9 கிராம் புரதம். 150 மில்லியே அதிகம் என்று முகம் சுளிப்பவர்களுக்குப் பாலை 60 மில்லியாகக் குறைத்து ஒரு மேசைக்கரண்டி பால்பவுடர் கரைத்துவிடுங்கள். அளவு சுருங்கும், புரதம் குறையாது. சற்று கெட்டியாக உறையும், அவ்வளவுதான்.

மூன்றாவது, முட்டைக் கஞ்சி. கரண்டியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்பவர்களும் டம்ளரில் கொடுத்தால் குடித்துவிடுவதுண்டு. நன்கு குழைந்த, மிக்ஸியில் அரைத்த அரிசிக் கஞ்சி 150 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையை அடித்து வடிகட்டி, அதில் சூடான கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் பாத்திரத்துக்கு மாற்றி, சிறு தீயில் கிளறியபடி, ஓரத்தில் குமிழ் வரும் வரை சூடாக்குங்கள். கஞ்சியின் மாவுச்சத்து இங்கேயும் முட்டையைத் திரியாமல் காக்கும். இதையே ரசத்திலோ தெளிந்த சூப்பிலோ செய்தால் மாவு இல்லாததால் நூல் நூலாகத் திரிந்துவிடும். தண்ணீரில் துணுக்கு மிதக்கும் அந்த வடிவம், இருமல் வருபவர்களுக்கு ஆகவே ஆகாது.

இனிப்பு மட்டுமே இறங்கும் என்பவர்களுக்கு இலங்கையின் வட்டிலப்பம் இருக்கிறது. ஒரு முட்டை, 60 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், வடிகட்டிய கித்துள் வெல்லம் அல்லது பனைவெல்லக் கரைசல் 25 கிராம் அளவு, ஏலக்காய்த் தூள். முந்திரி வேண்டாம். ஆவி முட்டையைப் போலவே வேகவையுங்கள். மெலிந்துபோனவர்களுக்குத் தேங்காய்ப்பால் கலோரி சேர்க்கும். புரதம் என்று பார்த்தால் பால் சேர்த்ததைவிடக் குறைவு. சர்க்கரை நோயாளிக்கு இது அன்றாட உணவல்ல.

அரைவேக்காடும் பச்சை முட்டை அடித்த பாலும் இந்தப் போட்டியில் இல்லை. முட்டைக்குள் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஓட்டைக் கழுவினால் அது போகாது. முதியவர்களை அது மருத்துவமனை வரை கொண்டுபோகும். பச்சை முட்டையில் சத்து அதிகம் என்ற நம்பிக்கையும் தவறு. வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் அளவுக்கு உடலில் சேர்கிறது. பச்சையில் ஏறக்குறைய பாதிதான்.

45 கிலோ எடையுள்ள ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். இந்த வயதில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது கணக்கு. அவருக்கு 45 முதல் 54 கிராம் வேண்டும். காலையில் இரண்டு இட்லி, மதியம் இரண்டு கரண்டி ரசம் சாதம் என்றால் பாதியைக்கூட எட்ட மாட்டார். பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் ஆவி முட்டை, மாலையில் ஒரு டம்ளர் முட்டைக் கஞ்சி என்றால் சுமார் 16 கிராம் கூடுதலாகக் கிடைக்கும். சாப்பாட்டோடு சேர்த்துத் திணித்தால் சாதத்தை ஒதுக்கிவிடுவார், அதனால்தான் இடைவேளையில். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு மாறும், மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கவிச்சி வாடை பிடிக்காமல் தள்ளுபவர்களுக்கு ஆவி முட்டையை ஆறவைத்தோ குளிரவைத்தோ கொடுத்துப் பாருங்கள். சூட்டில் எழும் வாடை அப்போது அடங்கியிருக்கும். மிளகுத்தூளைச் சலித்துச் சேருங்கள், குருணை தொண்டையில் பட்டால் இருமல் வரும். நிமிர்ந்து உட்கார வைத்து, தேக்கரண்டியால் ஊட்டி, முடிந்தபின் அரைமணி நேரம் படுக்கவிடாதீர்கள். ஒவ்வொரு வாய்க்கும் இருமினாலோ, சாப்பிட்டபின் குரல் சளி கட்டியதுபோல் ஈரமாக ஒலித்தாலோ அது மெல்லும் பிரச்சினை அல்ல, விழுங்கும் பிரச்சினை. அங்கே சமையல் பக்குவத்தை மட்டும் நம்ப முடியாது. விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டும் வரை புதிதாக எதையும் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.