போன் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுதா? கடைல குடுக்கறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க (எங்களுக்கு 4,250 ரூபா போச்சு)

சேலத்துல போன் ரிப்பேருக்கு குடுக்கறவங்க எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க. கடை பேரு போட மாட்டேன், கேக்காதீங்க. ஒரு கடை மட்டும் இப்படி பண்ணுதுன்னும் எனக்கு தோணல.

அப்பா சிவதாபுரத்துல கொலுசு பட்டறை வெச்சிருக்காரு. சின்ன பட்டறைதான், நாலு பேரு வேலை. டிசைன் பூரா வாட்ஸ்அப்லதான் ஓடுது, பார்ட்டி போட்டோ அனுப்புவாங்க, வீடியோ அனுப்புவாங்க, அப்பா செஞ்சு முடிச்சத திருப்பி வீடியோ எடுத்து அனுப்புவாரு, எடை போட்ட சீட்டு முதக்கொண்டு போட்டோதான். போன் 32 ஜிபி, நாலு வருஷம் ஆச்சு.

போன தை மாசம் ஆரம்பிச்சுது. மொதல்ல வாட்ஸ்அப் தொறந்தா படக்குனு மூடிக்கும். அப்பறம் கேமரா. அப்பறம் பணம் அனுப்பற ஆப். கொஞ்ச நேரம் விட்டா சரியாயிடும், மத்தியானம் திரும்ப ஆரம்பிக்கும். ஒரு வாரம் கழிச்சு போனே தானா லோகோ போட்டு ஆன் ஆக ஆரம்பிச்சுது, அதுவும் நைட்டுல. காலைல எந்திரிச்சு விரல வெச்சா தொறக்காது, பின் போடுன்னு கேக்கும், அப்பதான் ராத்திரி ரீஸ்டார்ட் ஆயிருக்குன்னே தெரியும்.

அப்பா டவுன்ல ஒரு கடைக்கு எடுத்துட்டு போனாரு. கடைக்காரரு கையில வாங்குனாரு, பொறத்தால தட்டி பாத்தாரு, "பேட்டரி வீக்குங்கண்ணா"ன்னு சொல்லி 1,350 வாங்கி மாத்திட்டாரு. பழைய பேட்டரிய குடுங்கன்னா குப்பையில போயிடுச்சாம். மூணாவது நாளே பழைய கதை. திரும்ப போனா "போர்டுல ஐசி லூசா இருக்கு, ஹீட் வெச்சு எடுத்து ஒட்டணும்"னு 2,400, அது கூட "சாஃப்ட்வேரும் போட்டாதான் நிக்கும்"னு 500. மொத்தம் 4,250. பில்லுன்னு குடுத்தது ஒரு துண்டு சீட்டு, அதுல "மொபைல் சர்வீஸ்"னு மட்டும் எழுதிருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு போன் வந்துச்சு. நல்லாத்தான் ஓடுச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல, புது போன் மாதிரி சுத்தமா தொடச்சு குடுத்துருக்காங்க, பேக்கப் எடுத்தீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கல. வாட்ஸ்அப்ல டிரைவ் பேக்கப் இருக்கும்னு தைரியமா ரீஸ்டோர் குடுத்தா அது நாலு மாசத்துக்கு முந்தினது. கூகுள் அக்கவுண்டோட ஓசி 15 ஜிபி ரொம்பி போனதுல பேக்கப் அப்பவே நின்னுருக்கு, நாங்க பாக்கல. நாலு மாச ஆர்டர் போட்டோ, எடை சீட்டு எல்லாம் போச்சு. பார்ட்டிகிட்ட ஒவ்வொருத்தரா கேட்டு திரும்ப வாங்குறதுக்குள்ள அப்பா பாதி ஆளாயிட்டாரு.

மூணு மாசம் கூட ஆகல, மறுபடியும் அதே படக்கு படக்கு, அதே நைட்டு ரீஸ்டார்ட். அதே கடைக்கு போனா இந்த தடவ போன கையில கூட வாங்கல, "போர்டு முடிஞ்சுதுங்கண்ணா, எக்ஸ்சேஞ்ச்ல 1,500 போட்டுக்கறேன், புதுசு பாருங்க"ங்கறாரு.

நல்ல வேளை அந்த ஞாயித்துக்கெழம சித்தப்பா பையன் ஏற்காட்டுலேந்து கீழ வந்திருந்தான். போன் பத்தி பொலம்புனதும் வாங்கி ஒரே ஒரு எடத்துக்குதான் போனான். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ். 32 ஜிபில மிச்சம் இருந்தது 200 எம்பி கூட இல்ல. "பெரியப்பா, போனுக்கு ஒண்ணுமில்ல, மூச்சு விட எடமில்ல, அவ்வளவுதான்"னான்.

எனக்கு மொதல்ல நம்பிக்கை வரல. எடம் இல்லன்னா போட்டோ எடுக்க முடியாது, சரி, போன் எதுக்கு ரீஸ்டார்ட் ஆகணும்? அவன் சொன்ன விதம் அப்பாவுக்கே புரிஞ்சுது. ஆப்ப சும்மா தொறந்தாலே அது உள்ள எதையாவது எழுதிக்கிட்டே இருக்கும். மெசேஜ் வந்தா அதோட கணக்குல ஏத்தணும், ஏத்தறதுக்கு முன்னாடி கச்சாத்துல குறிச்சு வெக்கற மாதிரி தனியா ஒரு ஃபைல்லயும் எழுதும். எழுத எடமில்லன்னு பதில் வந்தா நல்லா செஞ்ச ஆப் ஒரு அறிவிப்பு காட்டும், பாதி ஆப் அப்படியே விழுந்துடும். ஆண்ட்ராய்டும் இதே மாதிரிதான், அதுவும் தனக்கு வேண்டியத அதே எடத்துலதான் எழுதுது. அதுல முக்கியமான ஒரு பகுதி எழுத முடியாம விழுந்தாலோ மாட்டிக்கிட்டு நின்னாலோ மொத்தமா தன்னையே திரும்ப கெளப்பிக்கும். நாம பாக்கற லோகோ அதுதான்.

அப்ப காலைல சரியா இருந்து மத்தியானம் ஏன் போகுது? எடம் ரொம்ப கொறஞ்சா ஆண்ட்ராய்டே ஆப்புங்க தற்காலிகமா சேத்து வெக்கற ஃபைலுங்கள, அதாவது கேஷ, அழிச்சு கொஞ்சம் எடம் பண்ணும். அதுல கொஞ்ச நேரம் ஓடும், ஆப்ப தொறக்க தொறக்க கேஷ் திரும்ப சேரும், திரும்ப முட்டும். இந்த மாதிரி போனுல ஏறக்கொறைய 500 எம்பிக்கு கீழ போனதும் ஸ்டோரேஜ் கொறையுதுன்னு நோட்டிஃபிகேஷனும் வரும். அப்பா அத விளம்பரம்னு நெனச்சு தெனமும் தள்ளி விட்டுருக்காரு.

நைட்டு விஷயம்தான் எனக்கு பெரிய ஆச்சரியம். வாட்ஸ்அப் தெனமும் ராத்திரி 2 மணிக்கு போனுக்குள்ளயே ஒரு பேக்கப் எடுக்கும், அப்படி கடைசி ஏழு நாளோடது சேந்து கெடக்கும். அப்பா போனுல ஒண்ணு 440 எம்பி. மிச்சம் 200 இருக்கற எடத்துல 440 எழுத போனா என்ன ஆகும்? பேட்டரியாம், ஐசியாம்.

ஏறக்கொறைய கணக்கு பாத்தோம். சிஸ்டம் 9 ஜிபி, மத்த ஆப் எல்லாம் சேத்து 6, கேமரால எடுத்தது 2, கேலரியோட குப்பைத்தொட்டில 1.2 (டெலீட் பண்ணது 30 நாள் அங்கயேதான் கெடக்குமாம், எடம் திரும்ப வராது), வாட்ஸ்அப் மட்டும் 13.5. அந்த 13.5ல பேக்கப்பு ஃபைலே 3 ஜிபி. அப்பறம் சென்ட் ஃபோல்டர்னு ஒண்ணு இருக்கு. நாம எடுத்த வீடியோவ அனுப்புனா கேமரால ஒண்ணு இருக்கும், அனுப்புன காப்பி ஒண்ணு அங்க விழும், கேலரில காட்டவே காட்டாது. அது ஒரு 2.8.

இப்ப யோசிங்க. கடைக்காரரு போர்டுல கைய வெச்சாரா இல்லையான்னு எனக்கு எப்படி தெரியும்? ஆனா போன் சரியானது சாஃப்ட்வேர் போடறேன்னு மொத்தத்தையும் அழிச்சதால. அழிச்சா எடம் வரும், எடம் வந்தா ஓடும், "பாத்தீங்களா ஐசி ஒட்டுனதும் சும்மா பறக்குது"ன்னு சொன்னா நாம தலையாட்டுவோம். அதனால எந்த ஹார்டுவேர் வேலை சொன்னாலும் கூடவே சாஃப்ட்வேர் போடணும்னு சொன்னாங்கன்னா கொஞ்சம் நில்லுங்க. ரெண்டையும் ஒண்ணா பண்ணா எதுனால சரியாச்சுன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது.

பேட்டரி பிரச்சனையா இதுவான்னு வீட்டுலயே ஓரளவு பிரிச்சு பாக்கலாம். பேட்டரின்னா சார்ஜ் 40ல இருந்து திடீர்னு 10க்கு குதிக்கும், கேமரா கேமுன்னு பெரிய வேலை குடுக்கும்போது பொட்டுனு அணையும், சார்ஜர் சொருகி வெச்சிருந்தா பெரும்பாலும் அணையாது. எடம் இல்லாததுன்னா சார்ஜ்ல இருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆகும். அதுக்கு முன்னாடி ஆப்புங்க ஒண்ணொண்ணா மூடும், ஸ்கிரீன்ஷாட் சேவ் ஆகாது, ஆப் அப்டேட் பாதில நிக்கும்.

நாங்க பண்ணது இதுதான். வேணுங்கற போட்டோவ கேபிள் போட்டு பட்டறை கம்ப்யூட்டருக்கு ஏத்திட்டு, குப்பைத்தொட்டிய காலி பண்ணோம். அப்பறம் ஃபைல் மேனேஜர்ல இந்த எடம்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

இங்க msgstore-னு ஆரம்பிச்சு தேதி போட்ட ஃபைலுங்க இருக்கும், அத மட்டும் அழிச்சோம். தேதி இல்லாத ஒண்ணு இருக்கும், அதுதான் கடைசி பேக்கப், அதுல கை வெக்காதீங்க. ஃபோல்டரோட தூக்கிடாதீங்க. செட்டிங்ஸ்ல போய் வாட்ஸ்அப்புக்கு "கிளியர் டேட்டா" அடிச்சிராதீங்க, சேட் பூரா போயிடும், கிளியர் கேஷ் வேற அது வேற. தேதி போட்டது ஒரு வாரத்துல திரும்ப ஏழு சேந்துடும், அதனால அது முதலுதவி மாதிரிதான். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ்னு போனா எந்த குரூப் எவ்வளவு தின்னுருக்குன்னு பெருசுலேந்து வரிசையா காட்டும். ஒரே ஒரு டிசைன் குரூப் 4 ஜிபி! அத காலி பண்ணிட்டு, ஆட்டோ டவுன்லோட ஆஃப் பண்ணோம். எல்லாம் சேத்து 8 ஜிபி கிட்ட வந்துச்சு. அஞ்சு வாரம் ஆச்சு, ஒரு தடவ கூட ரீஸ்டார்ட் ஆகல, அதே பேட்டரி, அதே "முடிஞ்சு போன" போர்டு.

அதனால மொதல்ல ஒரு 3, 4 ஜிபி காலி பண்ணிட்டு ரெண்டு நாள் ஓட்டி பாருங்க, காசு செலவு இல்ல. அதுக்கப்பறமும் ரீஸ்டார்ட் ஆச்சுன்னா அப்ப கடைக்கு போங்க, நிஜமாவே ஹார்டுவேரா இருக்கலாம். இன்னொண்ணு, சுத்தமா ரொம்பற வரைக்கும் விட்டுறாதீங்க. சில போன் லோகோலயே சுத்திக்கிட்டு நின்னுடும், ரீசெட் ஒண்ணுதான் வழின்னு ஆயிடும், இப்ப வர்ற போனுல உள்ள இருக்கறது பூட்டு போட்டுதான் இருக்கு, ரீசெட் பண்ணதுக்கப்பறம் டேட்டா எடுத்து தரேன்னு எவனாவது காசு கேட்டா குடுக்காதீங்க.

கடைக்கு திரும்ப போனேன். ஸ்டோரேஜ் எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்களான்னு கேட்டேன். "அதெல்லாம் கஸ்டமர்தாங்க பாத்துக்கணும்"னாரு. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போடறேன், எந்த ஐசிக்கு வேலை பாத்தீங்கன்னு எழுதி பில்லு குடுங்கன்னு சொன்னதும் கொரல் எறங்குச்சு. சாஃப்ட்வேர் போட்ட 500 மட்டும் கையில குடுத்தாரு. போர்டு வேலைக்கு பில்லு ரெடி பண்ணி வெக்கறேன், சாயந்தரம் வாங்கன்னாரு. இதோட நாலு சாயந்தரம் போயிட்டு வந்துட்டேன்.