ஓட்டையே இல்லாமல் மாதாமாதம் குறையும் காற்று: மூன்று வருடம் பார்த்ததை எழுதுகிறேன்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். நாலு டயரும் புதுசாக மாற்றி ரெண்டு மாசம்தான் ஆகிறதாம், காற்று 33 பாயிண்ட் வைத்தது 30க்கு வந்துவிட்டது, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாமா என்று கேட்டார். நாலிலும் ஒரே மாதிரி குறைந்திருக்கிறதா என்றேன். ஆமாம் என்றார். அப்படியென்றால் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் காரிலும் இதே கதைதான். மூன்று வருடம் முன்பு டியூப்லெஸ் டயர் மாற்றினேன், 41,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பங்க்சர் ஒரே ஒரு தடவை, மழையில் பிடிப்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் மாதம் ஒன்று, ஒன்றரை பாயிண்ட் இறங்குவது மட்டும் முதல் நாளிலிருந்து நிற்கவே இல்லை. ஆரம்பத்தில் இதற்காகவே பங்க்சர் கடைக்கு இரண்டு தடவை போனேன். டயரைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுச் சுற்றிப் பார்த்தார்கள், ஒரு குமிழிகூட வரவில்லை.

குமிழி வராததற்குக் காரணம், காற்று ஓட்டை வழியாகப் போகவில்லை, ரப்பர் வழியாகவே போகிறது. கட்டி வைத்த பலூன் மறுநாள் சுருங்கிக் கிடக்குமே, அதேதான். டயருக்குள் அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அதனால் காற்றின் மூலக்கூறுகள் ரப்பருக்குள் மெல்லப் புகுந்து மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் பியூட்டைல் வகை ரப்பரில் ஒரு மெல்லிய அடுக்கு வைக்கிறார்கள். சாதாரண ரப்பரைவிட அது பல மடங்கு காற்றைப் பிடித்து வைக்கும், ஆனால் முழுசாக நிறுத்தாது. சூடு ஏறினால் இந்தக் கசிவும் கூடும். நைட்ரஜன் போட்டும் பார்த்தேன். ஆக்சிஜனைவிட அது மெதுவாகத்தான் வெளியேறும், ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறபோது காசு கொடுத்து எவ்வளவு மிச்சமாகப் போகிறது? கொஞ்சம் மெதுவாக இறங்கியது, அவ்வளவுதான்.

இதுவரை எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கிற விதத்தின் மேல்தான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போய் நிற்கிறோம், டயர் சூடாகி 33 இருந்தது 36 காட்டுகிறது, "சார், காத்து ஜாஸ்தி" என்று மூன்றை இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் ஆறியபின் பார்த்தால் 30. பத்து டிகிரி சூட்டுக்குச் சுமார் ஒன்றரை பாயிண்ட் ஏறி இறங்கும், கார் கதவோரம் ஒட்டியிருக்கிற அளவும் ஆறிய டயருக்கானது. அந்தப் பையனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வரிசையில் பத்து வண்டி நிற்கிறது, அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் ரெண்டு மாசத்தில் தானாகக் குறைகிற காற்றை ரெண்டே நிமிஷத்தில் பிடுங்கிவிட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அப்புறம் ஒரு சின்ன டிஜிட்டல் கேஜ் வாங்கினேன். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலை, வண்டியை எடுக்கும் முன்பே, வெயில் படுவதற்குள் பார்த்துவிடுகிறேன். நீண்ட பயணம் இருந்தால் முந்தின நாளும் ஒரு தடவை. வீட்டில் 31 இருந்தால் இரண்டு குறைவு என்று மனதில் வைத்துக்கொண்டு பங்குக்குப் போகிறேன். அங்கே சூட்டில் 34 காட்டினால் 36 வைக்கச் சொல்கிறேன். "அவ்வளவா சார், வெடிச்சிடும்" என்பார்கள். டயரின் பக்கவாட்டில் உச்ச அளவு 51 என்று அச்சடித்திருப்பதைக் காட்டினால் சரி என்று வைத்துவிடுவார்கள். ஸ்டெப்னியையும் விடாதீர்கள். ரோட்டையே தொடாமல் டிக்கியில் கிடந்த என் ஸ்டெப்னி 14 மாதத்தில் 33லிருந்து 24க்கு வந்திருந்தது.

மாதாமாதம் எழுதி வைத்ததில் இன்னொரு பலனும் கிடைத்தது. போன மாதம் மற்ற மூன்றும் ஒன்று இறங்கியிருக்க, இடது பின் டயர் மட்டும் ஐந்து இறங்கியிருந்தது. ஒரே டயர் தனியாக இறங்கினால் அது ரப்பர் வழியாகப் போகிற காற்று இல்லை. சோப்புத் தண்ணீரை வால்வில் விட்டேன், ஒன்றும் இல்லை. விளிம்போரம் விட்டதும் கடுகு கடுகாக நுரை வந்தது. கழற்றிப் பார்த்தால், டயர் வந்து உட்காரும் இடத்தில் அலாய் வீல் பூத்து வெள்ளைப் பொடியாக இருந்தது. கடைக்காரர் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடைத்து மாட்டினார். இன்று காலை பார்த்தேன், அதுவும் மற்ற மூன்றைப் போல ஒன்றுதான் இறங்கியிருக்கிறது.

இதே டயரைத் திரும்ப வாங்குவாயா என்று நண்பர் கடைசியில் கேட்டார். பங்கில் மறுபடி யாரோ மூன்று பாயிண்ட் இறக்கிவிட்ட எரிச்சலில் இருந்தேன், வேறு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். டயரின் மேல் தப்பே இல்லை, நாளை கேட்டால் வாங்குவேன் என்பேன்.